கால்புரோடெக்டின் 640, ஆனால் வயிறு நன்றாக இருக்கிறது. ஊசி மருந்துக்குப் போகலாமா?

கேள்வி: வயது 31, ஆண். மூன்று வருடமாக அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்ற பெருங்குடல் அழற்சி நோய், இடப்பக்கக் குடல் வரைக்கும். மெசலமைன் 2.4 கிராம் சாப்பிடுகிறேன். போன 11 மாதத்தில் இரண்டு தடவை ஸ்டீராய்டு எடுக்க வேண்டி வந்தது. இரண்டாவது முடிந்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது ரத்தம் இல்லை, ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் போகிறேன். ஆனால் மலப் பரிசோதனையில் கால்புரோடெக்டின் 640 என்று வந்திருக்கிறது. டாக்டர் பயோலாஜிக் ஊசி போடலாம் என்கிறார். நன்றாக இருக்கும்போது எதற்கு ஊசி? மலத்தில் வரும் ஒரு எண்ணை நம்பி இவ்வளவு பெரிய மருந்துக்குப் போகலாமா?

நான் குடல் நோய் மருத்துவர். 18 வருடமாக இந்த நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் 640-ஐ விட என் கண்ணில் பட்டது 'இரண்டு தடவை ஸ்டீராய்டு' என்பதுதான். அந்த 640 நாளைக்கே 300 ஆகலாம், அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். பதினொரு மாதத்தில் இரண்டு ஸ்டீராய்டு கோர்ஸ் என்பது அப்படி மாறாது. அது நடந்து முடிந்த விஷயம். உங்கள் டாக்டரும் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துத்தான் யோசித்திருப்பார். ஆனாலும் ஊசிக்குப் போவதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றையும் சொல்கிறேன், எந்த இடத்தில் தயங்காமல் மேலே போக வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் மெசலமைன். இது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க வேலை செய்யும் மருந்து அல்ல. குடலின் உள்சுவரில் நேரடியாகப் படும் இடத்தில்தான் வேலை செய்கிறது, கிட்டத்தட்ட புண்ணில் போடும் மருந்து போல. அப்படியே விழுங்கினால் சிறுகுடலின் தொடக்கத்திலேயே உறிஞ்சப்பட்டுப் பெருங்குடலுக்கு எதுவும் மிஞ்சாது. அதனால்தான் மாத்திரைக்கு மேலே தனிப்பூச்சு போட்டிருக்கிறார்கள். அந்த மாத்திரையை உடைத்தோ மென்றோ சாப்பிட்டால் பூச்சு போட்டதன் பயனே போய்விடும். இதற்கு முன்னோடியான சல்ஃபாசலசின் 1940-களில் ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவாதத்தை மனதில் வைத்துக் கொண்டுவந்த மருந்து. அதில் இரண்டு பகுதிகள் ஒட்டியிருக்கும். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அவற்றைப் பிரிக்கும். அதில் குடலுக்கு வேலை செய்வது மெசலமைன் பகுதிதான் என்பதை 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில் காட்டினார்கள். எப்படித் தெரியுமா? இரண்டு பகுதிகளையும் தனித்தனியாக எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள்.

அந்தப் பழைய கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மருந்து படும் இடத்தில்தான் வேலை செய்யும் என்றால், வாய்வழியாகப் போகும் மாத்திரை மலக்குடலுக்கு வந்து சேரும்போது மிகக் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கும். அல்சரேட்டிவ் கொலைடிஸ் தொடங்குவதோ மலக்குடலில்தான். அங்கிருந்து இடைவெளி இல்லாமல் மேல்நோக்கிப் பரவும். உங்களுக்கு இடப்பக்கம் வரை என்கிறீர்கள். அப்படியானால் மாத்திரையோடு எனிமாவும் சேர்ந்தால்தான் முதல் படியை முழுதாகப் பயன்படுத்தியதாக அர்த்தம். மாத்திரை மட்டும் சாப்பிடுவதை விட இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. உங்கள் கேள்வியில் எனிமா, ஆசனவாயில் வைக்கும் சப்போசிட்டரி என்ற பேச்சே வரவில்லை. டாக்டர் எழுதித் தரவில்லையா, எழுதித் தந்தும் நீங்கள் போடவில்லையா என்பது எனக்குத் தெரியாது. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி. ஈரோடு பக்கத்தில் ஒரு ஊர், பள்ளி ஆசிரியை, 38 வயது. அவருக்கும் இடப்பக்கக் குடல்தான். கால்புரோடெக்டின் 720 வந்ததும் வேறொரு இடத்தில் ஊசி மருந்து பேசியிருக்கிறார்கள், பயந்துபோய் என்னிடம் வந்தார். பிரிஸ்கிரிப்ஷனில் மெசலமைன் 2.4 கிராம், இரவில் ஒரு சப்போசிட்டரி என்று இருந்தது. காலி அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். எண்ணிப் பார்த்தால் ஒரு மாதத்துக்கான மாத்திரை ஒன்றரை மாதத்துக்கும் மேலே வந்திருந்தது. காலையில் பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் அந்த வேளை விட்டுப்போயிருக்கிறது. சப்போசிட்டரியை ஆறேழு நாள்தான் போட்டிருக்கிறார். கூட்டுக் குடும்பம், பாத்ரூம் வீட்டுக்குப் பின்னால். மருந்தைச் சமையலறை அலமாரியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார், ஏப்ரல் வெயிலில் அது இளகி உருக்குலைந்து போய்விட்டது. 'போட வராத மருந்தை எப்படிப் போடுவது டாக்டர்?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு மேல், மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கி வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை.

அவருக்கு நான் புதிதாக எந்த மருந்தும் தொடங்கவில்லை. மெசலமைனை 4.8 கிராமாக்கி, மொத்தத்தையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளையாகச் சாப்பிடச் சொன்னேன். ஒரே வேளையாகச் சாப்பிட்டாலும் பிரித்துச் சாப்பிட்டாலும் பலன் ஒன்றுதான், ஒரு வேளை என்றால் மறப்பது குறையும். படுக்கப் போகும் முன் எனிமா, நான்கு வாரம். இடப்பக்கம் சாய்ந்து படுத்து, வலது முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கிக்கொண்டு, பாட்டிலை மெதுவாக அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால் குடல் உடனே வெளியே தள்ளப் பார்க்கும். மருந்தைப் பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு போடக்கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகு போட வேண்டும். முதல் நான்கைந்து நாள் பத்து நிமிடம்கூட உள்ளே நிற்காது, அதற்காக விட்டுவிடக் கூடாது. வீக்கம் குறையக் குறைய இரவு முழுக்க நிற்கும். டைக்ளோஃபெனாக்கை நிறுத்தினோம். எட்டு வாரத்தில் கால்புரோடெக்டின் 190, பதினான்காவது வாரத்தில் 64. குட்டி ஸ்கோப்பி, அதாவது சிக்மாய்டோஸ்கோப்பி, செய்து பார்த்தபோது புண் எதுவும் இல்லை, ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிந்தன. அவர் இன்றும் முதல் படியில்தான் நிற்கிறார்.

ஆனால் அவருக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவர் அந்த வருடத்தில் ஸ்டீராய்டு எடுக்கவில்லை.

ஸ்டீராய்டு அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கு வேலை செய்கிறது என்பதை 1955-இலேயே ட்ரூலவ், விட்ஸ் இருவரும் ஆக்ஸ்ஃபோர்டில் நிரூபித்துவிட்டார்கள். இன்றைக்கும் ஒரு தாக்குதலை வேகமாக அணைக்க அதைத்தான் எடுக்கிறோம். வழக்கமாகப் பிரெட்னிசலோன் 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் குறைத்து, எட்டு வாரத்தில் முடிப்போம். ஆனால் நோய் மறுபடி வராமல் காக்கும் சக்தி அதற்கு இல்லை. குறைந்த அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு தேய்வதும் சர்க்கரை ஏறுவதும் கண்புரையும்தான் மிச்சம். நிறுத்தி மூன்று மாதத்துக்குள் நோய் திரும்பினாலோ, தொடங்கி மூன்று மாதத்துக்குள் 10 மில்லிகிராமுக்குக் கீழே இறக்க முடியாமல் போனாலோ, அதை ஸ்டீராய்டை நம்பியே நிற்கும் நோய் என்கிறோம். ஒரு வருடத்துக்குள் இரண்டு கோர்ஸ் தேவைப்பட்டால் அடுத்த படியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது பிரிட்டிஷ் வழிகாட்டுதல்களிலும் நெடுங்காலமாக இருக்கும் விதி. நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். கால்புரோடெக்டின் 64 என்றே வந்திருந்தாலும் நான் உங்களிடம் அடுத்த படியைப் பற்றிப் பேசியிருப்பேன்.

சரி, அந்த 640-ஐ எவ்வளவு நம்பலாம்? கால்புரோடெக்டின் என்பது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களுக்குள் நிறைய இருக்கும் ஒரு புரதம். அந்த அணுவின் உள்நீரில் இருக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் இதுதான். குடல் சுவரில் அழற்சி இருந்தால் நியூட்ரோஃபில்கள் அங்கே குவிந்து, சுவரைத் தாண்டிக் குடலுக்குள் விழும். அவை உடைந்து வெளியே வரும் புரதத்தை மலத்தில் அளக்கிறோம். குடல் பாக்டீரியாக்கள் இதை எளிதில் சிதைப்பதில்லை, அதனால்தான் இப்படி ஒரு பரிசோதனையே சாத்தியம். ரத்தத்தில் பார்க்கும் அழற்சிப் பரிசோதனையான சி.ஆர்.பி. அல்சரேட்டிவ் கொலைடிஸில் பல நேரம் சாதாரணமாகவே இருக்கும், குறிப்பாக நோய் இடப்பக்கத்தோடு நிற்கும்போது. அழற்சி நடக்கும் இடத்தோடு தொட்டுக்கொண்டு வருவது மலம்தான், அதனால் அதில் தெரியும் செய்தி அதிகம்.

எண்ணைப் படிக்கும் விதம் இது. ஆரோக்கியமானவருக்கு ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்கும். உங்கள் நோய் உள்ளவருக்கு, அறிகுறியும் இல்லாமல் 150-க்குக் கீழே இருந்தால், குடல் ஆறியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம், ஸ்கோப்பி தேவைப்படாது. 250-க்கு மேலே தொடர்ந்து இருந்தால் உள்ளே அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் இருப்பது மங்கலான இடம், அங்கே ஒரே எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது. இந்த மூன்று எல்லைகளும் கல்லில் வெட்டியவை அல்ல. ஒரு கம்பெனியின் கிட் 300 என்று காட்டும் அதே மாதிரியை இன்னொரு கிட் 450 என்று காட்டலாம். அதனால் எப்போதும் ஒரே லேபில், ஒரே முறையில் பாருங்கள். லேபை மாற்றிவிட்டு எண் ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள்.

மாதிரி எடுப்பதிலும் நிறையத் தவறு நடக்கிறது, இதை யாரும் நோயாளிக்குச் சொல்லித் தருவதில்லை. காலையில் முதல் முறை போகும் மலம்தான் நல்லது. இரவு முழுக்கக் குடலில் தங்கியதால் அதில் புரதத்தின் அளவு நிலையாக இருக்கும். அதே நாளில் நான்காவது முறை போனதில் எடுத்தால் எண் கணிசமாக மாறலாம். நம் ஊர்க் கக்கூஸில் ஒரு பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் போய், டப்பா மூடியிலேயே ஒட்டியிருக்கும் சின்னக் கரண்டியால் நெல்லிக்காய் அளவு எடுத்தால் போதும். சிறுநீரோ தண்ணீரோ கலக்கக் கூடாது. அன்றைக்கே லேபில் கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் அறை வெப்பத்தில் கெடாது என்று ஆய்வுகள் சொன்னாலும், நம் வெயிலில் ஸ்கூட்டி டிக்கியில் வைத்து மறந்த டப்பாவுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. நீராகப் போனால் நீர்த்துப்போய்க் குறைவாகவும் காட்டும்.

இன்னொன்று, எண் ஏறினால் எல்லாம் கொலைடிஸ்தான் என்று அர்த்தமில்லை. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் தாமாகவே கால்புரோடெக்டினை ஏற்றும், நோயையும் கிளப்பிவிடும். அமிலம் குறைக்கும் பேண்டோப்ரசோல் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டாலும் கொஞ்சம் ஏறும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் வந்த வயிற்றுப்போக்கு அடங்கிய இரண்டு வாரத்தில் பார்த்தால் ஏறியே இருக்கும். கொலோனோஸ்கோப்பிக்குக் குடலைச் சுத்தம் செய்த மறுநாள் பார்த்தாலும் நம்ப முடியாது. அதேபோல, எண் குறைவாக இருந்து நோய் இருப்பதும் உண்டு. அழற்சி மலக்குடலின் கடைசிப் பத்து சென்டிமீட்டரில் மட்டும் இருந்தால், ரத்தம் போகும், எண் மட்டும் 120 என்று சாதுவாக நிற்கும்.

இப்படி எல்லாவற்றையும் கழித்த பிறகும் 640 நிற்கிறது என்றால், அப்போது அதை மதிக்க வேண்டும். அறிகுறி தெரிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இந்த எண் ஏறத் தொடங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். லாரி ஓட்டும் ஒரு இளைஞர், உங்களைப் போலவே நன்றாகத்தான் இருந்தார். மூன்று மாத இடைவெளியில் 140, 380, 910. ஸ்கோப்பியில், 0 முதல் 3 வரை போகும் மேயோ அளவுகோலில் 2, அதாவது தொட்டாலே கசியும் சிவந்த சுவர். 'லோடு ஏத்திட்டு வந்துடறேன் சார், அப்புறம் பாக்கலாம்' என்று தள்ளிப்போட்டார். பத்தாவது வாரம் ஒரு நாளைக்குப் பத்து முறை ரத்தத்தோடு போய், வார்டில் படுத்தார். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. வலி மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று யோசித்து நிறுத்துங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அதே லேபில், காலை முதல் மலத்தில் மறுபடி பாருங்கள். அந்த இடைவெளியில் உங்கள் டாக்டரிடம் மெசலமைனை 4.8 ஆக்குவதையும் எனிமாவையும் கேளுங்கள். முன்பு ஸ்டீராய்டு தேவைப்பட்டவர்களுக்கு 2.4-ஐ விட 4.8 கூடுதலாக உதவுகிறது. மறுபடியும் 250-க்கு மேல் வந்தால் குட்டி ஸ்கோப்பி செய்ய வேண்டும். அறிகுறி இல்லாமல் எண் மட்டும் ஏறியிருக்கும் நிலையில், நேரே மருந்தை மாற்றுவதை விட ஸ்கோப்பி பார்த்து முடிவெடுப்பது மேல் என்பதுதான் 2023-இல் வந்த அமெரிக்கக் குடலியல் சங்கத்தின் அறிவுரையும். மயக்கம் கொடுக்காமல், காலையில் ஒரு எனிமாவோடு, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு துண்டு சதை எடுத்து சி.எம்.வி. வைரஸ் இருக்கிறதா என்றும், மலத்தில் சி.டிஃபிசில் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் இவை ஒளிந்துகொண்டு கொலைடிஸ் போலவே நடிக்கும்.

ஸ்கோப்பியில் மேயோ 2 அல்லது 3 என்றால், இரண்டு ஸ்டீராய்டு கோர்ஸையும் சேர்த்துப் பார்க்கும்போது மேலே போவதுதான் சரி. அங்கே ஒரே கதவு இல்லை. நம் ஊரில் அடுத்த படி என்றால் பல காலமாக அசாதயோப்ரின்தான். விலை குறைவு, மாத்திரை. ஆனால் வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை வேறு ஏதாவது தாங்க வேண்டும். எடை கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் என்று கணக்கு. தொடங்கும் முன் என்.யூ.டி.டி.15 என்ற மரபணுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். மேற்கத்தியப் புத்தகங்களில் டி.பி.எம்.டி. என்ற வேறொன்றைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள், நம்மிடையே அதை விட இதில்தான் மாற்றம் அதிகம் காணப்படுகிறது. அந்த மாற்றம் இருப்பவருக்கு மூன்றாவது நான்காவது வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், வெள்ளை அணுக்கள் விழுந்துவிடும், காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. பரிசோதனை சரியாக வந்தாலும் முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்த அணுக்கள் பார்க்க வேண்டும். யூரிக் அமிலத்துக்கு அல்லோபூரினால் சாப்பிடுபவர் என்றால் அதைச் சொல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை அடங்கிவிடும். அபூர்வமாக ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் இளம் ஆண்களிடம், குறிப்பாக ஊசியோடு சேர்த்து நீண்ட காலம் எடுக்கும்போது, வந்திருக்கிறது. 31 வயது ஆணான உங்களிடம் அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஊசி மருந்துகளில் பழையது இன்ஃப்ளிக்ஸிமாப். கிலோவுக்கு 5 மில்லிகிராம், தொடக்கத்தில், இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை டிரிப்பில் போடுவோம். 2005-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இதை நிலைநிறுத்தின. வேகமாக வேலை செய்யும், அதனால்தான் கடும் தாக்குதலில் படுத்தவருக்கும் இதைத்தான் எடுக்கிறோம். குறை என்னவென்றால், உடம்பு சில சமயம் இதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கிக்கொள்ளும், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்து ஒரு வருடம் கழித்துக் கைவிடும். அடலிமுமாப் அதே குடும்பம், வீட்டிலேயே தோலுக்கடியில் போட்டுக்கொள்ளலாம். இரண்டுக்கும் இந்தியாவிலேயே தயாரான மாற்று வடிவங்கள் இருப்பதால் விலை முன்பைப் போல மலைக்க வைப்பதில்லை.

வெடோலிசுமாப் வேறு வகை. வெள்ளை அணுக்கள் குடலுக்குள் நுழையும் கதவை மட்டும் அடைக்கும், உடம்பின் மற்ற இடங்களின் எதிர்ப்புச் சக்தியை அதிகம் தொடாது. பொறுமை வேண்டும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். 2019-இல் இதையும் அடலிமுமாப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் ஒரு வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் இதில் 31 சதவீதம், அடலிமுமாப்பில் 22 சதவீதம் என்று வந்தது. இந்த எண்களை இரண்டு விதமாகவும் படியுங்கள். இது மேல் என்பது ஒன்று. மேலானதிலும் மூன்றில் இரண்டு பேருக்கு ஒரு வருடத்தில் நோய் முழுதாக அடங்கவில்லை என்பது இன்னொன்று. பயோலாஜிக் போட்டால் எல்லாம் முடிந்தது என்று யாரும் உங்களிடம் சொல்லக்கூடாது. டோஃபாசிட்டினிப் ஊசி அல்ல, மாத்திரை. சில நாட்களிலேயே வேலை தெரியும், இங்கே ஜெனரிக்கில் கிடைப்பதால் பலருக்கும் எட்டும். ஆனால் அக்கி வரும் வாய்ப்பும், புகைப்பிடிப்பவர், இதய நோய் உள்ளவர், வயதானவருக்கு ரத்தக்கட்டி, மாரடைப்பு அபாயமும் உண்டு. எதை முதலில் எடுப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த முடிவு இல்லை. நல்ல உடல்நிலையில், அவசரம் இல்லாமல் இருக்கும் உங்களைப் போன்றவருக்கு என் சாய்வு வெடோலிசுமாப் பக்கம். செலவு தாங்காது என்றால் என்.யூ.டி.டி.15 பார்த்துவிட்டு அசாதயோப்ரின். இது என் கருத்து, என் பக்கத்து அறை மருத்துவர் வேறு சொல்லலாம், அவரும் தவறில்லை.

இந்தியாவில் இந்த மருந்துகளுக்கு முன்னால் காசநோயைப் பார்க்காமல் நான் யாருக்கும் தொடங்குவதில்லை. நம்மில் நிறையப் பேருக்கு காசநோய்க் கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறது, இன்ஃப்ளிக்ஸிமாப் வகை அதைத் தட்டி எழுப்பிவிடும். நெஞ்சு எக்ஸ்ரேயும் இக்ரா ரத்தப் பரிசோதனை அல்லது மான்டோ ஊசியும் வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கும்போது இந்தப் பரிசோதனைகள் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம், அதனால் நிறுத்தி ஆறு வாரமான நீங்கள் இப்போது செய்துகொள்வது நல்லது. பாசிட்டிவ் என்றால் தடுப்பு மருந்தைத் தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் ஊசி. கூடவே ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பார்க்க வேண்டும். சின்ன வயதில் அம்மை வந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். வராவிட்டால், உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை இந்த மருந்துகளுக்கு முன்பே போட்டுவிட வேண்டும், பிறகு போட முடியாது. இவை எல்லாம் முடிய எப்படியும் மூன்று நான்கு வாரம் ஆகும். அதனால் இரண்டாவது கால்புரோடெக்டினுக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே இவற்றைத் தொடங்கிவிடுங்கள். பிறகு ஊசி வேண்டாம் என்று முடிவானாலும் இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஏதாவது தொடங்கிய பிறகு கால்புரோடெக்டினை மூன்று மாதத்தில் ஒரு முறை, பிறகு நிலையாகிவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். மாதாமாதம் பார்க்க வேண்டாம். 90, 130, 75 என்று ஆடுவது இயல்பு, அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் நோயாளிகளைப் பார்க்கிறேன். இரண்டு முறை தொடர்ந்து ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. மெசலமைன் சாப்பிடும் வரை வருடத்துக்கு ஒரு முறை கிரியேட்டினினும் பாருங்கள், அபூர்வமாகச் சிறுநீரகத்தைத் தொடும்.

இவ்வளவு எழுதியும் உங்கள் ஸ்கோப்பி அறிக்கையையோ வயிற்றையோ நான் பார்க்கவில்லை, உங்கள் டாக்டர் பார்த்திருக்கிறார். அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் இரண்டு ஸ்டீராய்டு கோர்ஸும் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தன, எத்தனை மில்லிகிராமில் இறக்கும்போது ரத்தம் திரும்பியது என்று எழுதிக்கொண்டு போங்கள். அந்த ஒரு தாள் அவருக்குப் பாதி வேலையை முடித்துவிடும். நடுவில் ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலோ நாடித் துடிப்பு 90-க்கு மேலோ இருந்தால், அப்பாயின்ட்மென்ட், கால்புரோடெக்டின் எதற்கும் காத்திருக்காமல், வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டையும் நீங்களாகத் தொடங்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிடுங்கள்.